சரக்கு தீர்ந்த பின்: காத்திருப்போர் பட்டியலும் வாக்குத் தேதியும்

கேள்வி

கடையில் சரக்கு தீர்ந்தால் "அடுத்த வாரம் வந்து பாருங்க" என்று சொல்லி அனுப்புவது எல்லா ஊர்க் கடைக்காரர்களுக்கும் பழக்கம். வந்தவர் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார், பின்னால் அடுக்கியிருப்பதை ஒரு பார்வை பார்ப்பார், நம்பலாமா கூடாதா என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். இணையத்தில் விற்பவருக்கு முகம் இல்லை. அந்த வேலை முழுவதையும் நாலு வரி அறிவிப்புதான் செய்தாக வேண்டும். அந்த அறிவிப்பில் மூன்று செய்திகள் இருக்கும். பொருள் தீர்ந்துவிட்டது, பட்டியலில் பெயர் பதியலாம், இன்ன தேதியில் மறுபடி வரும்.

இவற்றில் வாங்குபவரைப் பொறுத்திருக்க வைப்பது மூன்றாவதுதான் என்பது வியாபாரிகளிடையே பரவலான நம்பிக்கை. தேதி சொன்னால் ஆள் நிற்பார், சொல்லாவிட்டால் போய்விடுவார் என்பார்கள். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைச் சோதிக்கிறது. என் வாதம் இது: தேதியைவிட வரிசைதான் ஆளைப் பிடித்து வைக்கிறது. தனக்கு முன்னால் இருப்பவர் முதலில் பெறுவார், பின்னால் வந்தவர் தன்னைத் தாண்டிப் போகமாட்டார் என்பது உறுதியானால் தேதி தள்ளிப்போவதைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் விற்பவருக்கே தெரியாத துல்லியத்தோடு சொல்லப்படும் தேதி, சொல்லாமல் விட்டதைவிட அதிகக் கேடு செய்கிறது.

காத்திருப்பைப் பற்றி இதுவரை சொன்னவை

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரை. வரிசையில் நிற்பவரின் மனத்தை ஆராய்ந்த அவர் சில கருத்துகளை முன்வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் அப்படியே. நியாயமற்றது என்று பட்டுவிட்டால் அது நியாயமானதைவிட நீளும். வியாபார ஆலோசகர்கள் இவற்றில் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, "தேதி சொல்லுங்கள்" என்ற அறிவுரையாகச் சுருக்கிவிட்டார்கள்.

மைஸ்டர் பேசியது உணவகத்திலும் மருத்துவமனையிலும் உடலோடு நிற்பவர்களைப் பற்றி. பொருளுக்குப் பெயர் பதிந்தவர் எங்கும் நிற்பதில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், எப்போதாவதுதான் நினைத்துக்கொள்கிறார். அவருக்குச் சலிப்பு ஒரு சிக்கல் அல்ல. வேறு கடையில் வாங்கிவிடும் வாய்ப்பும், ஏமாற்றுகிறார்களோ என்ற ஐயமும்தான் சிக்கல். எனவே மைஸ்டரின் கருத்துகளில் இங்கே மிகுந்து பொருந்துவது நியாயம் பற்றியது.

ரயில் காத்திருப்போர் பட்டியலை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். டிக்கெட் எப்போது உறுதியாகும் என்று ரயில்வே எந்தத் தேதியும் தருவதில்லை. எண் மட்டும் தருகிறது. முப்பத்தேழு என்றிருந்தது காலையில் இருபத்திரண்டு ஆகியிருந்தால் நமக்குத் தெம்பு வந்துவிடுகிறது. நகர்வதைக் கண்ணால் பார்க்க முடிவதே போதுமானதாக இருக்கிறது. ஆனால் ரயிலுக்கு சார்ட் தயாராகும் நேரம் என்று ஒரு முடிவு உண்டு. பொருள் விற்பனையில் அப்படி ஒரு முடிவை விற்பவரே உருவாக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீம் டெக் வரிசை

இந்த மூன்று செய்திகளும் பெரிய அளவில், பகிரங்கமாகச் சோதிக்கப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்க நிறுவனமான வால்வ், கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக்கை 2021 ஜூலை 15 அன்று அறிவித்தது. விலை, சேமிப்பிடத்தைப் பொறுத்து 399, 529, 649 டாலர். மறுநாள் முன்பதிவு தொடங்கியது. அது விற்பனை அல்ல, வரிசையில் இடம் பிடிப்பது மட்டுமே. இடத்துக்கு 5 டாலர். பொருள் வாங்கும்போது அது விலையில் கழிக்கப்படும், வேண்டாமென்றால் திரும்பக் கிடைக்கும்.

5 டாலர் என்பது அந்த நிறுவனத்துக்குப் பணமே இல்லை. அதன் வேலை வேறு. இலவசமாகப் பதியலாம் என்றால் ஒருவரே பத்துப் பெயரில் பதிவார், வேடிக்கைக்கும் பதிவார். சிறு தொகை ஒன்று, பணம் செலுத்தும் கணக்கு ஒன்று என்று வைத்ததும் வரிசையில் நிற்பவர் உண்மையான ஆளாகிறார். அத்துடன் ஓர் ஆளுக்கு ஒன்றுதான். முதல் 48 மணி நேரத்தில் பதிய வேண்டுமானால் 2021 ஜூனுக்கு முன்பே அந்தக் கடையில் ஏதாவது வாங்கியிருக்க வேண்டும். வாங்கி அதிக விலைக்கு விற்பவர்கள் அவசரமாகப் புதுக் கணக்குகள் தொடங்கி முன்வரிசையைப் பிடித்துவிடாதிருக்கவே இந்த நிபந்தனை. இவ்வளவு செய்தும் தொடக்க நேரத்தில் கூட்டம் தாங்காமல் பலருக்குப் பணம் செலுத்தும் பக்கம் பிழை காட்டியது. நியாயமான வரிசையின் முதல் அரை மணி நேரம் நியாயமாக இருக்கவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது.

பதிந்தவருக்குத் தேதி சொல்லப்படவில்லை, காலாண்டு சொல்லப்பட்டது. முதலில் வந்தவர்களுக்கு 2021 டிசம்பர், அடுத்தவர்களுக்கு 2022இன் முதல் காலாண்டு, அதற்கடுத்தவர்களுக்கு இரண்டாம் காலாண்டு. மூன்று மாத அகலம் என்பது வாங்குபவருக்கு எரிச்சல் தரக்கூடியதுதான். ஆனால் தொழிற்சாலையில் இன்னும் ஓடத் தொடங்காத ஒரு பொருளைப் பற்றி அந்த நிறுவனத்துக்கு அப்போது தெரிந்திருக்கக்கூடிய அளவும் அவ்வளவே. தன் அறிவின் அகலத்துக்கே தேதியின் அகலத்தையும் வைத்தது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

பொருள் வந்தபோது நடந்தது இதைவிட முக்கியம். 2022 பிப்ரவரி 25 அன்று முதல் தொகுதிக்கு மின்னஞ்சல் போனது. கிடைத்தவருக்கு வாங்கி முடிக்க மூன்று நாள் அவகாசம். வாங்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். பிறகு வாரந்தோறும் ஒரு தொகுதி. கையில் எத்தனை பொருள் இருக்கிறதோ அத்தனை பேரைத்தான் அழைத்தார்கள், அழைக்கப்பட்டவருக்கு அந்த மூன்று நாளும் பொருள் ஒதுக்கப்பட்டிருந்தது.

சிறு விற்பனையாளர் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். "வந்ததும் தெரிவிக்கவும்" என்ற பொத்தானை அழுத்திய முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறது. பொருள் நாற்பதுதான். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. மீதி இருநூற்று அறுபது பேர் இரண்டாவது முறையாக "தீர்ந்துவிட்டது" என்பதைப் பார்க்கிறார்கள். முதல் முறை அது தட்டுப்பாடு, இரண்டாம் முறை அவமதிப்பு. அது வரிசையே அல்ல, மணி அடித்ததும் ஓடும் பந்தயம். அதற்குக் காத்திருப்போர் பட்டியல் என்று பெயர் வைப்பதுதான் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது.

தேதி தள்ளும்போது

2021 டிசம்பரில் தருவதாகச் சொன்ன வாக்கை வால்வ் காப்பாற்றவில்லை. உதிரிப் பாகங்கள் நேரத்துக்குத் தொழிற்சாலை வந்துசேரவில்லை என்று நவம்பர் 10 அன்று அறிவித்தது. அனுப்புவது இரண்டு மாதம் தள்ளி, பிப்ரவரியில் தொடங்கும். எல்லோருடைய காலமும் அதற்கேற்பப் பின்னால் போகும், வரிசையில் யாருடைய இடமும் மாறாது.

இந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அது கெடு வருவதற்கு முன்பே வந்தது. டிசம்பர் பிறந்து, "எங்கே என் பொருள்?" என்று கேட்டவருக்குச் சொல்லியிருந்தால் அதே செய்தி சாக்காகிப்போயிருக்கும். இரண்டு, தள்ளிப்போனது எது, தள்ளாதது எது என்று பிரித்துச் சொன்னது. தேதி நகர்ந்தது, வரிசை நகரவில்லை. பின்னர் வாக்குக் கொடுத்த பிப்ரவரியில் சொன்னபடியே தொடங்கினார்கள். ஒரு முறை தள்ளுவது மன்னிக்கப்படும். இரண்டு வாரம், மேலும் இரண்டு வாரம் என்று தவணை முறையில் தள்ளுவதுதான் நம்பிக்கையைத் தின்கிறது. ஆகையால் தள்ளுவதானால் ஒரேயடியாக, தாராளமாகத் தள்ளுவதே நல்லது.

சட்டமும் ஏறக்குறைய இதே தர்க்கத்தில் நடக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தபால் வழி விற்பனைக்கு 1975இல் கொண்டுவந்த விதி, பின்னர் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் விரிந்தது. தேதி சொன்னால் அதற்கு நியாயமான ஆதாரம் இருக்க வேண்டும், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாதபோது முன்கூட்டியே தெரிவித்து, காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்க வேண்டும். முதல் தாமதம் 30 நாளுக்கு உட்பட்டது என்றால் வாங்கியவரின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். அதற்கு மேற்பட்டாலோ எப்போது வரும் என்று சொல்ல முடியாவிட்டாலோ மௌனம் சம்மதமாகாது, வெளிப்படையாகச் சம்மதம் வராத ஆர்டருக்குப் பணம் திரும்பித்தான் ஆக வேண்டும். ஒரு மாதம் வரை பொறுமையை ஊகித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கேட்டுப் பெற வேண்டும் என்ற இந்தக் கோடு, சட்டத்துக்கு வெளியிலும் நல்ல வழிகாட்டி.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைச் சுருக்கமாகத் தொடுகின்றன. அறிவித்த கால அட்டவணையைத் தாண்டிப் பொருள் வந்தால், அதைத் திரும்ப ஏற்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. தடுக்க முடியாத இடர்களால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பணம் வாங்கிக்கொண்டு எழுதிய தேதிக்கு இப்படி எடை கூடிவிடுகிறது. பலர் இதை அறியாமல் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு "பத்து நாளில்" என்று கைபோன போக்கில் எழுதிவிடுகிறார்கள்.

வரிசையே இல்லாத அறிவிப்பு

இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும் சான்று ராஸ்பெரி பை. மாணவர்களும் பொழுதுபோக்காளர்களும் விரும்பும் இந்தச் சிறு கணினிக்கு, சில்லுத் தட்டுப்பாட்டால் 2021 முதல் 2023 வரை கடும் பஞ்சம் நிலவியது. அதன் தலைவர் எபன் அப்டன் அவ்வப்போது நீண்ட, வெளிப்படையான விளக்கங்கள் எழுதினார். மாதம் சுமார் ஐந்து லட்சம் உற்பத்தியாகிறது என்பதை 2022 ஏப்ரலில் சொன்னார். தொழில் நடத்த அதை நம்பியிருக்கும் நிறுவனங்களுக்கே முன்னுரிமை என்பதையும் மறைக்கவில்லை. 2022 டிசம்பரில், அடுத்த ஆண்டின் இரண்டாம் காலாண்டில் நிலைமை பழையபடி ஆகும் என்று காலமும் குறித்தார்.

காரணம் சொன்னார், எண்ணிக்கை சொன்னார், காலமும் சொன்னார். ஆனாலும் தனி வாங்குபவர்களின் மனக்குறை தீரவில்லை. ஏனென்றால் அவர்கள் நிற்பதற்குப் பொதுவான வரிசை ஒன்று இல்லை. எந்த விற்பனைக் கடையில் எப்போது சில பெட்டிகள் இறங்கும் என்று கண்காணிக்கும் தளங்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, கிடைத்த நிமிடத்தில் பாய வேண்டியிருந்தது. நிறுவனத்தின் முன்னுரிமைக் கொள்கையைத் தவறென்று நான் சொல்லமாட்டேன், அதை நம்பிப் பிழைக்கும் தொழில்கள் மூடிவிடாமல் அது காத்தது. ஆனால் தேதி மட்டும் ஆளை அமைதிப்படுத்தும் என்ற வாதத்துக்கு இந்த நிகழ்வு நல்ல மறுப்பு.

பட்டியலின் நீளம் சொல்லாதது

பட்டியலில் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பெருமையாக அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணை உற்பத்திக் கணக்குக்கு அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. தட்டுப்பாட்டுக் காலத்தில் தேவைக்கு மேல் பதிந்துவைப்பார்கள் என்பதை ஹாவ் லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் ஆகியோர் 1997இல் விநியோகச் சங்கிலிகளைப் பற்றி எழுதும்போது விளக்கினார்கள். பொருள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தப் பதிவுகள் கரைந்துவிடும்.

நம் நாட்டுச் சான்று டாடா நானோ. 2009 ஏப்ரலில் இரண்டே வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டிப் பதிந்தார்கள். முதல் ஒரு லட்சம் பேர் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மற்றவர்கள் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வட்டியோடு காத்திருக்கலாம். காத்திருப்புக்கு வட்டி என்பது அருமையான யோசனை. வாங்குபவரின் காலத்துக்கும் விலையுண்டு என்று ஒப்புக்கொள்கிறது அது. ஆனால் அந்தப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து எதிர்காலத்தைக் கணித்தவர்கள் ஏமாந்தார்கள். நானோவின் ஆண்டு விற்பனை ஒருபோதும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

இல்லாத கூட்டத்தை இருப்பதுபோல் காட்டுவது வேறு குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஏமாற்று வடிவமைப்புகள் பற்றிய வழிகாட்டுதல்களில் பொய் அவசரம் உண்டாக்குவதும் இடம்பெறுகிறது.

நாலு தறிக் கணக்கு

மேற்கண்டவை பெரிய நிறுவனங்களின் கதைகள். சிறிய அளவில் இது எப்படி நடக்கும் என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். நாலு தறிகளில் நெய்யும் பருத்திச் சேலைகளை நேரடியாக விற்கும் ஒருவர். குறிப்பிட்ட நிறச் சேலை ஒன்று தீர்ந்துவிட்டது, 90 பேர் கேட்கிறார்கள். ஒரு தறியில் வாரம் மூன்று சேலை என்றால் நாலு தறிக்குப் பன்னிரண்டு. கறை, இழை அறுந்தது என்று இரண்டைக் கழித்தால் வாரம் பத்து.

சராசரிக் காத்திருப்பு என்பது வரிசையில் உள்ள எண்ணிக்கையை வேகத்தால் வகுத்த ஈவு. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதியின் எளிய வடிவம் இது. அதன்படி கடைசி ஆளுக்கு ஒன்பது வாரம். ஆனால் அந்த நிறத்துக்குப் பழைய பாவு தீர்ந்துவிட்டது. நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்து, தறியில் பிணைக்க இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலமானால் தெருவில் விரித்த பாவு காயாது, இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக முப்பதாவது ஆளுக்கு ஆறு வாரம், தொண்ணூறாவது ஆளுக்குப் பன்னிரண்டு வாரம்.

90 பேரில் எல்லோரும் வாங்கமாட்டார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். பத்தில் ஆறு பேர்தான் வாங்குவார்கள் என்று எண்ணித் தேதியைக் குறைத்துச் சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. எல்லோரும் வாங்கினால் எவ்வளவு காலமோ அதையே சொல்ல வேண்டும். அப்போது விலகுகிறவர் ஒவ்வொருவரும் பின்னாலிருப்பவரை முன்னுக்குத் தள்ளுகிறார், சொன்ன தேதிக்கு முன்பே பொருள் போகிறது. குறைத்துச் சொன்னால் எதிர்பார்த்த விலகல் நடக்காதபோது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். இதில் ஒரு விலை உண்டு. பன்னிரண்டு வாரம் என்று கேட்டதும் சிலர் அப்போதே போய்விடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் எப்படியும் ஏழாவது வாரத்தில் கோபத்தோடு போயிருக்கக்கூடியவர்கள் என்பது என் எண்ணம்.

அக்டோபர் தொடக்கத்தில் அனுப்பும் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"நீங்கள் கேட்ட மயில்நீலச் சேலை தீர்ந்துவிட்டது. புதுப் பாவுக்குச் சாயம் போட்டிருக்கிறோம். பட்டியலில் உங்கள் எண் 30. நவம்பர் இரண்டாம், மூன்றாம் வாரத்துக்குள் வரும். தீபாவளிக்குள் தருவதாக எங்களால் உறுதி சொல்ல முடியாது. தீபாவளிக்கே வேண்டுமென்றால் மயில்பச்சையில் கையிருப்பு உண்டு. உங்கள் முறை வந்ததும் தகவல் தருவோம், மூன்று நாள் உங்களுக்காக எடுத்துவைப்போம். இப்போது பணம் வேண்டாம். நவம்பர் 1 அன்று தறி நிலவரத்தை எல்லோருக்கும் எழுதுவோம்."

தீபாவளி வரி விற்பனையைக் குறைப்பதுபோல் தெரியும். ஆனால் பண்டிகைக்கு வேண்டியவருக்குத் தேதி என்பது ஓர் எல்லைக்கோடு. அதற்கு ஒரு நாள் பிந்தி வரும் சேலை அவருக்குச் சேலையே அல்ல. கடைசி வரியும் அதே அளவு வேலை செய்கிறது. அடுத்த தகவல் எந்த நாளில் வரும் என்று சொல்லிவிட்டால், நடுவில் "எப்போ வரும்?" என்று கேட்பவர் குறைகிறார். நவம்பர் 1 அன்று புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் எழுதியே ஆக வேண்டும், "மாற்றமில்லை" என்பதும் தகவல்தான்.

பட்டியல் கெடுகிறதா என்பதை இரண்டு அறிகுறிகளால் கண்டுபிடிக்கலாம். அழைக்கப்பட்ட பத்துப் பேரில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதை வாரந்தோறும் குறித்துவர வேண்டும். ஆறாக இருந்தது மூன்றாகச் சரிந்தால் பட்டியல் பழசாகிவிட்டது. மேலும் பாவு ஓட்டுவதற்கு முன் இன்னும் வேண்டுமா என்று எல்லோரையும் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. மற்றொன்று, அறிவிப்பில் பதில் இருந்தும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது. அப்படியானால் அந்த வரி யாருக்கும் புரியவில்லை, அல்லது யாரும் நம்பவில்லை.

விலகல்களாலோ உற்பத்தி கூடுவதாலோ முறை முன்கூட்டியே வருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீம் டெக்கில் 2022 கோடையில் வார உற்பத்தி இரு மடங்கைத் தாண்டியதும் பலருக்குச் சொன்ன காலாண்டுக்கு முன்பே அழைப்பு வந்தது. அக்டோபர் 6இல் முன்பதிவே தேவைப்படாத நிலையும் வந்தது. பொருள் முந்தி வந்தால் வாங்குபவருக்கு மகிழ்ச்சிதானே என்று நினைப்போம். ஆனால் நவம்பர் மூன்றாம் வாரத்துக்கென்று பணம் எடுத்துவைக்க எண்ணியிருந்தவருக்கு அக்டோபர் 25 அன்று "மூன்று நாளுக்குள் வாங்குங்கள்" என்று தகவல் போனால் அவர் கையில் அப்போது பணம் இருக்காது. சம்பளம் ஒன்றாம் தேதிதான் வரும். அப்படி முந்தி அழைக்கப்படுகிறவருக்கு மட்டும், இடத்தை விடாமல் அடுத்த தொகுதிக்குத் தள்ளிவைக்கும் உரிமையைக் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரத்துச் சேலை அடுத்த எண்ணுக்குப் போகும், இவர் எண் பட்டியலின் தலையிலேயே இருக்கும்.